30 நாளுக்கு 30 வீடியோ வேண்டாம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி, தினம் ஒரு வீடியோ என்று மாத அட்டவணை போட்டாள். 9ஆம் நாளே நின்றுபோனது.

"நேரமே இல்லை சார்" என்றாள். சேர்ந்து கணக்குப் போட்டோம். வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது 5 மணி நேரம். ஒரு வீடியோ எடுத்து, வெட்டி ஒட்ட 3 மணி நேரம். ஆகவே வாரம் ஒரு வீடியோதான். மீதியில் அதிலிருந்தே 2 படங்கள், கேள்விகளுக்குப் பதில்.

பொருளுக்கும் அலையவில்லை. ஒரே அகல்விளக்கு, 4 வாரம்: அச்சில் வார்ப்பது, முதல் சூளை, மெருகு பூசுவது, இரண்டாம் சூளை.

முதல் வீடியோவை வெளியிடும்போதே அடுத்தது கையில் தயாராக இருக்க வேண்டும். பட்டறையில் ஓவர்டைம் வந்தால் அதுதான் காப்பாற்றும். அந்தக் கையிருப்பு இரண்டு வாரம் தொடர்ந்து காலியாக இருந்தால், அட்டவணை கைக்கு மீறியது என்று பொருள். இடைவெளியைப் பத்து நாளாக்குங்கள். தூக்கத்தில் கை வைக்காதீர்கள்.

நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள் என்பதே என் கருத்து.