புள்ளித் திட்டத்தை முதல் வாரமே வாசியுங்கள்

டிப்ளோமா, எச்.என்.டி. என்று படிக்கிற பிள்ளைகள் இப்போது நம்மூரில் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். செயற்றிட்ட அறிக்கை ஒன்று கொடுக்கப்பட்டால் அந்த வீட்டில் ஆறு வாரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசி நாலு நாள்தான் வீடு அல்லோலகல்லோலப்படும். கொமினிகேஷனில் இரவு பத்து மணிக்கு கலர் அட்டையும் ஸ்பைரலும் போட்டுக் கொண்டு நிற்பார்கள். பிறகு புள்ளி வரும், 48. "எவ்வளவு எழுதினேன், சேர் புள்ளி போடல்ல" என்பார்கள்.

எழுதியது உண்மைதான். ஆனால் பத்துப் புள்ளிக்கு ஒன்பது பக்கமும், முப்பது புள்ளிக்கு ஒன்றரைப் பக்கமும் எழுதியிருப்பார்கள். ஒப்படைத் தாளில் பிள்ளை வாசித்தது இரண்டே விடயம்: எத்தனை சொல், எப்போது கொடுக்க வேண்டும். பின்னால் இணைத்திருந்த புள்ளித் திட்டத்தை, அதாவது ரூப்ரிக் என்கிற அட்டவணையை, முடித்த பிறகு சரிபார்க்கிற தாள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. அந்த அட்டவணையின் கடைசி நிரலில் இருக்கிற வசனங்கள்தான் முதல் வாரம் நீங்கள் யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஐந்தாம் வாரம் அதை வாசித்தால் பயனில்லை, கேட்க வேண்டியவர்களைக் கேட்கும் காலம் போயிருக்கும்.

எங்கள் தெருவில் வணிக டிப்ளோமா படிக்கிற ஒரு தங்கச்சி கொண்டு வந்த தாளை வைத்தே சொல்கிறேன். கேள்வி இதுதான்: "உங்கள் பிரதேசத்திலுள்ள ஒரு சிறு வியாபாரத்தின் இருப்புப் பதிவு முறையை விவரித்து, அதன் பலவீனங்களை மதிப்பிட்டு, நடைமுறைக்குரிய மேம்பாட்டை முன்மொழிக." 3000 சொற்கள், ஆறு வாரம். அவர் ஒரு பிடவைக் கடையைத் தெரிவு செய்திருந்தார்.

முதலில் வினைச்சொற்களைக் கோடிடச் சொன்னேன். விவரித்து, மதிப்பிட்டு, முன்மொழிக. மூன்று வேலை. விவரிப்பது என்றால் கடையில் நடப்பதைச் சொல்வது. மதிப்பிடுவது என்றால் ஓர் அளவுகோலை வைத்து, எது எவ்வளவு பிழை, ஏன் என்று தீர்ப்புச் சொல்வது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வேலையை மூன்று தடவை செய்துவிட்டு வருகிறார்கள். கடையின் வரலாறு, முதலாளியின் வாப்பா எப்போது கடை போட்டார், எத்தனை ஊழியர், கடையின் போட்டோ. வாசிக்க நல்லாத்தான் இருக்கும். புள்ளி விழாது.

பிறகு புள்ளித் திட்டம். அறிமுகமும் நோக்கமும் 10, பின்னணி வாசிப்பு 15, தகவல் திரட்டிய முறை 15, கண்டறிந்தவையும் பகுப்பாய்வும் 30, பரிந்துரைகள் 20, மொழியும் அமைப்பும் உசாத்துணையும் 10. கடைசிப் பத்துக்குத் தனியாகச் சொல் எழுதத் தேவையில்லை. அது அறிக்கை முழுவதற்கும் போடுவது. மீதி 90 புள்ளிக்கு 3000 சொல் என்றால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 33 சொல். அறிமுகம் 330, பின்னணி 500, முறை 500, பகுப்பாய்வு 1000, பரிந்துரை 670 என்று வரும்.

இந்தக் கணக்கை அப்படியே விழுங்கவும் கூடாது. தாளில் "முடிவுரை இடம்பெற வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது, புள்ளித் திட்டத்தில் அதற்கு வரிசை இல்லை. எழுதாமல் விட முடியாது, ஒரு பக்கம் எழுதவும் தேவையில்லை. தகவல் திரட்டிய முறை என்பது யாரை, எப்போது, எப்படிக் கேட்டேன், ஏன் அவர்களைத் தெரிவு செய்தேன் என்பதுதான். 350 சொல்லில் அடங்கும். அங்கே மிஞ்சிய 150 சொல்லை முடிவுரைக்குக் கொடுத்தோம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்லின் அளவும் உழைப்பின் அளவும் ஒன்றல்ல. அந்த 350 சொல்லுக்குப் பின்னால்தான் கடைக்கு அலைகிற நேரமெல்லாம் இருக்கிறது. அறிமுகம் 330 சொல், ஆனால் கடைசியில் ஒரு மணித்தியாலத்தில் எழுதிவிடலாம். நேரத்தைப் பக்கக் கணக்கில் பிரிக்கிறவர்கள் அறிமுகத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள்.

இனி அந்த முப்பது புள்ளி வரிசை. அதில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் "கண்டறிந்தவை பட்டியலிடப்பட்டுள்ளன" என்று இருந்தது. இரண்டாவதில் "விளக்கப்பட்டுள்ளன". மூன்றாவதில் "காரணங்களோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன". 24 முதல் 30 வரையான கடைசிக் கட்டத்தில்: "தகவல்களுக்கிடையிலான முரண்பாடுகள் ஆராயப்பட்டு, பின்னணி வாசிப்போடு ஒப்பிடப்பட்டு முடிவு எட்டப்பட்டுள்ளது." ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக எந்தச் சொல் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் சேர்ந்த சொல் "முரண்பாடு".

அந்தத் தங்கச்சியின் திட்டம் முதலாளியை மட்டும் பேட்டி எடுப்பது. ஒரே ஆளிடம் கேட்டால் முரண்பாடு எங்கிருந்து வரும்? எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த அறிக்கை நாலாவது கட்டத்துக்குள் போக வழியில்லை. ஆகவே திட்டம் மாறியது. முதலாளி, காசாளர், விற்பனைக்கு நிற்கும் தம்பி என்று மூன்று பேரையும் வெவ்வேறாக, ஒரே கேள்விகளோடு சந்திப்பது. அதோடு ஒரு றாக்கையை மட்டும் எடுத்து, கொப்பியில் உள்ள எண்ணிக்கையையும் றாக்கையில் உள்ளதையும் நேரில் எண்ணிப் பார்ப்பது.

கிடைத்ததைப் பாருங்கள். "வாற சாமான், போற சாமான் எல்லாம் அன்றன்றே கொப்பியில ஏறும்" என்றார் முதலாளி. "சனம் கூடின நாளைக்கு துண்டுல எழுதி வெச்சி ராவைக்குத்தான் ஏத்துவோம், சில துண்டு தொலஞ்சும் போகும்" என்றார் தம்பி. பாடசாலை வெள்ளைச் சட்டை கொப்பியில் 46, றாக்கையில் 39. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பகுப்பாய்வு தொடங்கிவிடுகிறது. ஏழு சட்டை களவு போனதா, விற்றும் பதியப்படவில்லையா? துண்டு தொலைந்தால் எந்தெந்த நாளில் வித்தியாசம் கூட வேண்டும்? இதுதான் ஆயிரம் சொல்லுக்குரிய இடம்.

பின்னணி வாசிப்பு வரிசையின் உயர் கட்டத்திலும் ஒரு பொறி இருந்தது: "வாசித்த எண்ணக்கருக்கள் பகுப்பாய்வில் பயன்படுத்தப்பட்டுள்ளன." பத்து வரைவிலக்கணத்தைப் புத்தகத்திலிருந்து இறக்கி வைப்பதால் அது கிடைக்காது. இரண்டு எண்ணக்கரு போதும், ஆனால் கடையில் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணமாக மீள்கட்டளை மட்டம். ஒரு நாளைக்கு நாலு சட்டை விற்கிறது, கொழும்பிலிருந்து சரக்கு வர ஏழு நாள் என்றால் 28 சட்டை இருக்கும்போதே ஓடர் கொடுக்க வேண்டும், பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து. பாதுகாப்புக்கு ஐந்து என்று வைத்தால் 33. கொப்பியில் 46 என்று இருந்தால் முதலாளி இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று நினைப்பார். றாக்கையில் இருப்பதோ 39, அவருக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது. வாசிப்பு பகுப்பாய்வுக்குள் வருவது என்றால் இதுதான்.

பரிந்துரை வரிசையில் "செலவு, பயிற்சி, காலம் கருத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்று இருந்தது. கொம்பியூட்டர் மென்பொருள் வாங்கச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு வந்தால் அதில் பாதிகூட வராது. என்ன விலை, யார் பழக்குவது, அந்தத் தம்பியால் செய்ய முடியுமா என்பதையும் பேட்டியிலேயே கேட்டிருக்க வேண்டும். கார்பன் தாளோடு இலக்கமிட்ட பில் புத்தகம் ஒன்று போதும் என்ற பரிந்துரை, இலக்கம் விடுபட்டால் துண்டு தொலைந்தது உடனே தெரியும் என்ற காரணத்தோடு வந்தால், மென்பொருளைவிடப் பெறுமதியானது.

காலத்துக்கு வருவோம். தாள் கிடைத்தது நோன்பு தொடங்கிய வாரம். மூன்றாம் வாரம் தகவல் திரட்டலாம் என்று வழமைபோலப் போட்டிருந்தார். நோன்பு பதினைந்துக்குப் பிறகு பிடவைக் கடையில் யார் உட்கார்ந்து பேட்டி கொடுப்பார்? பெருநாள் முடிந்தால் பொடியன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆகவே மூன்று பேட்டியும் றாக்கை எண்ணுவதும் இரண்டாம் வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று முதலில் அதைக் கலண்டரில் அடித்தோம். சனம் நிறைந்த ஒரு இரவு போய் ஒன்றும் கேட்காமல் பார்த்துக் கொண்டிருப்பது நாலாம் வாரம். முறை பற்றிய பகுதியை வேலை முடிந்த கையோடு எழுதுவது, பகுப்பாய்வின் முதற்பிரதி பெருநாளைக்கு முன், பெருநாள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் கணக்கில், பரிந்துரையும் அறிமுகமும் கடைசி வாரம். இறுதி இரண்டு நாளும் உசாத்துணைக்கும் எழுத்துப் பிழைக்கும். அட்டையின் கலருக்கு எந்த வரிசையிலும் புள்ளி இல்லை, அதையும் தேடிப் பார்த்துவிட்டோம்.

இந்தப் புள்ளிக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. பியர்சன் பி.டெக். எச்.என்.டி. செய்கிற பிள்ளைகளுக்குக் கூட்டல் புள்ளி இல்லை. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று நியதிகள் தனித்தனியாக இருக்கும். பாஸ் நியதிகள் எல்லாமே நிறைவேற வேண்டும். ஒன்று விடுபட்டால் மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்த அலகு பாஸ் ஆகாது. அவர்கள் சொற்களைப் பங்கிடுவதற்கு முன், எந்த நியதிக்கான பதில் எந்தப் பந்தியில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்ப்பதே முதல் வேலை.

இதைச் சொன்னால் சில பெரியவர்கள், "இது புள்ளிக்காக எழுதப் பழக்குவதுதானே, படிப்பா?" என்கிறார்கள். அந்தத் தம்பியைத் தனியாகக் கேட்க வைத்ததும், றாக்கையை எண்ண வைத்ததும் அந்த அட்டவணைதான். அது இல்லாவிட்டால் முதலாளி சொன்னதைத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். படிப்பு எதில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள். உண்மையில் பிழை எங்கள் பக்கமும் இருக்கிறது. பாடசாலையில் ஆசிரியர்கள் செயற்றிட்டம் கொடுக்கும்போது தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறோம், எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்வதில்லை. பிறகு உம்மா பிரிஸ்டல் போர்ட் வாங்கி மினுக்கித் தாள் ஒட்டுகிறா. பதினைந்து வயதில் புள்ளித் திட்டத்தைக் கண்ணால் காணாத பிள்ளை இருபதில் அதை வாசிக்காமல் விடுவதில் ஆச்சரியமில்லை.

தாளில் விளங்காதது இருந்தால் விரிவுரையாளரிடம் முதல் வாரமே கேளுங்கள். "சேர், எப்படிச் செய்யிற?" என்று வட்ஸ்அப் போட்டால் பதில் வராது. "முடிவுரைக்குத் தனிப் புள்ளி இல்லை, அது எந்த வரிசையில் சேரும்? பின்னிணைப்பும் உசாத்துணையும் 3000 சொல்லுக்குள் அடங்குமா?" என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் வரும். அந்தத் தங்கச்சிக்கு அடுத்த நாளே வந்தது: பின்னிணைப்பு கணக்கில் இல்லை, ஆனால் அதற்குப் புள்ளியும் இல்லை, பேட்டியில் முக்கியமானதை உள்ளே எழுதவும்.