கடைசி இடம் என்னும் மாயை

தேர்தல் சீர்திருத்தம் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் விருப்ப வரிசை வாக்குமுறையைச் சர்வரோக நிவாரணியாக முன்வைப்போர் உண்டு. வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவார். எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிடில் கடைசி இடத்தவர் நீக்கப்படுவார். அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குரியவருக்குப் போய்ச்சேரும். ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை இது தொடரும். 'இனி வாக்குப் பிரியும் என்று அஞ்ச வேண்டாம், மனதுக்கு உகந்தவரையே முதலில் எழுதுங்கள்' என்பதே இவர்கள் தரும் உறுதி. இந்த உறுதி பொய்யானது என்கிறோம். பொய்த்த இடத்தையும் சுட்டுகிறோம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பர்லிங்டன் நகரில் 2009 மார்ச்சில் மேயர் தேர்தல் இம்முறையில் நடந்தது. போட்டியில் முதன்மையானவர் மூவர்: குடியரசுக் கட்சியின் கர்ட் ரைட், முற்போக்குக் கட்சியின் பாப் கிஸ், இருவருக்கும் இடைப்பட்ட ஜனநாயகக் கட்சியின் ஆண்டி மான்ட்ரோல். சிறிய வேட்பாளர்கள் நீக்கப்பட்டபின் ரைட்டிடம் 3,294, கிஸ்ஸிடம் 2,981, மான்ட்ரோலிடம் 2,554 வாக்குகள் இருந்தன. விதிப்படி மான்ட்ரோல் வெளியேறினார். அவருடைய சீட்டுகளில் 1,332 கிஸ்ஸுக்கும் 767 ரைட்டுக்கும் சென்றன. எஞ்சியவற்றில் அடுத்த விருப்பம் இல்லை. கிஸ் 4,313, ரைட் 4,061. கிஸ் மேயரானார்.

இதுவரை குறையேதும் தெரியாது. ஆனால் அந்நகரம் வாக்குச்சீட்டுகளின் முழு விவரத்தையும் வெளியிட்டது. அவற்றை இருவர் இருவராக ஒப்பிட்டவர்கள் கண்டது வேறு. மான்ட்ரோலையும் கிஸ்ஸையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தினால் ஏறத்தாழ 590 வாக்கு வித்தியாசத்தில் மான்ட்ரோலே வெல்கிறார். ரைட்டுக்கு எதிராகவும் 900க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் அவரே வெல்கிறார். இருவரையும் தனித்தனியே தோற்கடிக்கக்கூடியவரை, 'கடைசி' என்று முத்திரை குத்தி வெளியேற்றியிருக்கிறது இந்தக் கணக்கு.

காரணம் எளிது. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டின் மேல்நுனியில் உள்ள பெயர் மட்டுமே எண்ணப்படுகிறது. இரு முனைகளில் நிற்பவர்களுக்கு இடையில் அகப்பட்டவர் பலருக்கு இரண்டாம் விருப்பம். சிலருக்கே முதல் விருப்பம். அந்த இரண்டாம் விருப்பங்கள் திறக்கப்படும் முன்பே அவர் ஆட்டத்தில் இல்லை.

உறுதிமொழிக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். ரைட்டின் ஆதரவாளர்களில் ஏறத்தாழ 1,500 பேர் கிஸ்ஸைவிட மான்ட்ரோலை விரும்பியவர்கள். அவர்களில் 400 பேர் மனச்சாட்சிக்கு மாறாக மான்ட்ரோலை முதலில் எழுதியிருந்தால் ரைட் 2,894, மான்ட்ரோல் 2,954 என்றாகி ரைட்டே வெளியேறியிருப்பார். இறுதியில் மான்ட்ரோல் கிஸ்ஸை வென்றிருப்பார். உண்மையாக வாக்களித்ததன் பரிசாக, தாம் மிகவும் விரும்பாதவரையே அவர்கள் பெற்றார்கள். அஞ்ச வேண்டாம் என்று எந்த முகத்தோடு அவர்களிடம் சொல்வது?

'பெரும்பான்மை' என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் எண்ணப்பட்டவை 8,976 வாக்குகள். கிஸ் பெற்ற 4,313 அதில் 48 விழுக்காடே. விருப்பங்கள் தீர்ந்துபோன சுமார் 600 சீட்டுகளை ஒதுக்கிவிட்டுத்தான் பெரும்பான்மை காட்டப்பட்டது.

பழைய முறையைப் போற்றுவதாக எம்மை எவரும் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். முதல் விருப்பங்களை மட்டும் எண்ணியிருந்தால் ரைட் வென்றிருப்பார். அவரோ மற்ற இருவரிடமும் நேருக்கு நேர் தோற்பவர். 35 வாக்கு பெறும் சிறு வேட்பாளர் பெரியவரின் வெற்றியைக் கெடுப்பதை இம்முறை தடுக்கிறது என்பதும் மெய்யே. மூவரும் ஏறத்தாழச் சம பலத்தில் நிற்கும்போதுதான் அது தடுமாறுகிறது. சீர்திருத்தம் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதானே?

பர்லிங்டன் மக்கள் 2010இல் இம்முறையை வாக்கெடுப்பில் தூக்கியெறிந்தார்கள். 2021இல் நகர மன்றத் தேர்தலுக்கு அதை அப்படியே மீட்டெடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் அலாஸ்காவின் நாடாளுமன்ற இடைத்தேர்தலிலும் இதே காட்சி: பெல்டோலா, பேலின் இருவரையும் தனித்தனியே வெல்லக்கூடிய பெகிச் மூன்றாமிடத்தில் நீக்கப்பட்டார், பெல்டோலா வென்றார்.

பரிகாரம் அதே சீட்டுகளிலேயே இருக்கிறது. கடைசி இடத்தவரை உடனே நீக்காமல், கடைசி இருவரை நேருக்கு நேர் ஒப்பிட்டு அதில் தோற்பவரை நீக்கினால் போதும். பர்லிங்டனில் அந்த இருவர் கிஸ்ஸும் மான்ட்ரோலும். கிஸ் வெளியேறுவார், பின்னர் மான்ட்ரோல் ரைட்டை வெல்வார். அனைவரையும் தனித்தனியே வெல்பவர் ஒருவர் இருந்தால் இந்த விதியில் அவர் ஒருபோதும் நீக்கப்படமாட்டார். வாக்காளருக்குப் புதிய சுமை எதுவுமில்லை. எண்ணுவோர்க்குத்தான் சற்றுக் கூடுதல் வேலை. அந்த வேலைக்குச் சோம்பி, வாக்காளர் எழுதித் தந்ததைப் பாதி படித்துவிட்டு மூடிவைப்பதை மக்கள் தீர்ப்பு என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.