மர்மக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் அந்தச் செய்தி வந்துவிடும். "மர்மக் காய்ச்சலுக்கு ஒருவர் பலி." ஊர் மாறும், வயது மாறும், மர்மம் மட்டும் அப்படியே இருக்கும். அந்த வார்த்தையின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அது நோயைப் பற்றி எதையும் சொல்வதில்லை. யாரும் எதையும் கேட்கவில்லை என்பதை மறைக்க மட்டும் உதவுகிறது.

என் மாமாவும் அப்படி ஒரு மர்மத்தில் மாட்டியவர்தான். திருவாரூர் பக்கம் மூன்று மா நிலம். அந்த வருஷம் அடைமழையில் சம்பா நடவு மூழ்கிப்போனது. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் வடியவில்லை. மாமாவும் இன்னும் நாலு பேரும் இரண்டு நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை இழுத்துப் போட்டார்கள். அவர் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.

எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குச் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். ஆடு, மாடு, நாய், பன்றியிலும் இது உண்டு, ஆகையால் "எங்க வீட்ல எலியே இல்ல" என்பது பதில் ஆகாது. வெள்ளம் வரும்போது வளைகளும் தொழுவங்களும் கழுவப்பட்டு எல்லாம் ஒரே தண்ணீராகிறது. வெடிப்பு, சிராய்ப்பு, ஊறிப்போன தோல், கண், வாய், இவற்றில் ஏதோ ஒன்று வழியாக உள்ளே போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான் வரும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். இந்த இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. அதற்குள் தண்ணீர் வடிந்து, வாய்க்கால் மறந்துபோயிருக்கும்.

மாமாவுக்கு ஒன்பதாம் நாள் குளிரோடு காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, மூன்று வேளைக்கு மாத்திரை. ஊசி வலி நிவாரணி. போட்டதும் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது, சாயங்காலம் திரும்ப ஏறியது. அடுத்த நாள் கெண்டைக்கால் வலி. கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. "ரெண்டு நாள் தண்ணில நின்னு இழுத்தா வலிக்காதா?" என்றார் அத்தை. வேலை முடிந்து பத்து நாள் கழித்து உடம்பு வலிக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் இரண்டும் சிவந்திருந்தன. பீளை இல்லை, உறுத்தல் இல்லை, வெறும் சிவப்பு. சூடு என்று விளக்கெண்ணெய் வைத்தார்கள்.

காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளை தள்ளாத சிவந்த கண், அதற்கு முன் தண்ணீர். பாடப்புத்தகத்தில் இருக்கும் படம் இதுதான். அப்படியே நடந்து கிளினிக்குக்குப் போய், அப்படியே திரும்பி வந்தது.

நாலாம் நாள் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 82,000. உடனே டெங்கு பயம். டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகும் பப்பாளி இலைச்சாறு, இன்னொரு வலி ஊசி. எனக்குப் பொறுக்க முடியாதது இந்த இரண்டாவது ஊசிதான். காய்ச்சலிலும் வாந்தியிலும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, சிறுநீரகம் தனக்குள் வரும் ரத்தக்குழாயை விரித்து வைத்துக்கொண்டு சமாளிக்கும். வலி நிவாரணி அந்த ஏற்பாட்டையே குலைத்துவிடும். ஏற்கெனவே கிருமி தாக்கிய சிறுநீரகத்துக்கு அது இரண்டாவது அடி. வெறும் பாராசிட்டமால் போதுமான இடத்தில், "ஊசி போட்டாத்தான் டாக்டர்" என்கிற நம் ஆசைக்காகப் போடப்படும் அடி. இதில் நமக்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் நாள் கண் மஞ்சள். அடுத்த ஊரில் கீழாநெல்லி கொடுப்பவரிடம் போனார்கள். உப்பில்லாப் பத்தியம், மூன்று நாள். இங்கே ஒரு சின்ன விஷயம் தெரிந்திருந்தால் போதும். வழக்கமான மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாகும் நேரத்தில் காய்ச்சல் பெரும்பாலும் விட்டுவிடும். மஞ்சளும் காய்ச்சலும் சேர்ந்தே நின்றால் அது பத்தியத்துக்கான வேளை இல்லை.

எட்டாம் நாள் விக்கல், வாந்தி, அரை மயக்கம். அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிரியேட்டினின் 6.8. அத்தை நம்பவே இல்லை. "ஒண்ணுக்கு நல்லாத்தானே போவுது தம்பி?" உண்மைதான், போய்க்கொண்டுதான் இருந்தது. இந்த நோயின் பெரிய ஏமாற்று இது. லெப்டோ சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத்தான் முதலில் கெடுக்கிறது. உப்பையும் நீரையும் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாமல் அவை கீழே விட்டுவிடும். அளவு சரியாக இருக்கும், கழிவு மட்டும் ரத்தத்திலேயே தங்கும். கூடவே பொட்டாசியமும் வெளியேறும். மற்றபடி சிறுநீரகம் செயலிழந்தால் பொட்டாசியம் ஏறும், மாமாவுக்கு 3.1 ஆக இறங்கியிருந்தது. சிறுநீர் குறைந்தால் ஆபத்து என்பது சரி. குறையவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது தவறு. அதைச் சொல்ல கிரியேட்டினின் என்ற ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பட்டமேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் டாக்டர் வந்தார். தூக்கம் இல்லாத முகம். பிலிருபின் 18, கல்லீரல் நொதி வெறும் 90 என்று பார்த்தார். கல்லீரல் அழற்சி என்றால் அந்த நொதி ஆயிரக்கணக்கில் போயிருக்க வேண்டும். கெண்டைக்காலை அமுக்கினார், மாமா அலறினார். "அய்யா, தண்ணில நின்னீங்களா?"

எட்டு நாளில் முதல் முறையாகக் கேட்கப்பட்ட கேள்வி. ஐந்து விநாடி ஆகியிருக்கும்.

ஸ்க்ரப் டைபஸுக்கான கருத்த பொருக்கு இருக்கிறதா என்று அக்குளையும் தொடை இடுக்கையும் தேடினார். சிகரெட்டால் சுட்டது போல இருக்கும், வலிக்காது, பூச்சி கடித்த இடம். அதுவும் வயல்காட்டுக் காய்ச்சல்தான், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலேரியாவுக்கும் ரத்தம் எடுத்தார். லெப்டோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் எதிர்ப்புப்பொருள் உருவாகாமல் சோதனை பொய்யாக "இல்லை" என்று சொல்லலாம் என்றார். அன்றைக்கே பென்சிலின். நாலு தடவை டயாலிசிஸ். ஆறு வாரத்தில் கிரியேட்டினின் 1.3.

தப்பித்தார். பிழைத்தவர்களுக்குச் சிறுநீரகம் பெரும்பாலும் திரும்பிவிடும். நுரையீரலில் ரத்தம் கசியும் வகை வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கிளினிக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு நாளைக்கு நூறு காய்ச்சல் பார்ப்பார், தொண்ணூறு தானாகச் சரியாகும். எல்லாருக்கும் எல்லாப் பரிசோதனையும் எழுத முடியாது. ஆனால் தண்ணீரைப் பற்றிக் கேட்க ஆய்வகம் தேவையில்லை. ஆம் என்று பதில் வந்தால் அந்த முதல் நாளிலேயே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்திருக்கலாம். மலிவான மாத்திரை, லெப்டோவுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் சேர்த்தே கேட்கும்.

இது ஒன்றும் புது நோயும் இல்லை. காய்ச்சல், மஞ்சள், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து வருவதை அடோல்ஃப் வைல் 1886லேயே எழுதிவிட்டார். கிருமியை 1915ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அதற்கும் முன்பே அங்கே விவசாயிகள் இதை அகியாமி, அதாவது இலையுதிர்காலக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். பருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் பருவம் தவறாமல் மர்மம் என்கிறோம்.

"பூட்ஸ் போடுங்கள்" என்று போஸ்டர் ஒட்டுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நடவுச் சேற்றில் கம்பூட்ஸோடு பத்து அடி நடந்து பார்த்துவிட்டு அந்தப் போஸ்டரை எழுதட்டும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு ஆகக்கூடியது, இறங்கும் வாரங்களில் வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின். இலங்கையில் வயலில் இறங்குபவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதைக் கொடுக்கிறார்கள். 2018 வெள்ளத்தில் கேரளா கொடுத்தது. முழுக் கவசம் இல்லை, கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கூடாது, வெறும் வயிற்றில் போட்டால் எரியும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டியது. மாமா இப்போது வாங்கிக்கொள்கிறார். அவரோடு வாய்க்காலில் நின்ற நாலு பேரில் இரண்டு பேர் வாங்குகிறார்கள்.

மாமா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வந்தது. "மர்மக் காய்ச்சல்: கிராம மக்கள் பீதி." டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. நிருபரின் நம்பரைத் தேடிப் பிடித்து அதைப் படித்துக் காட்டினேன். "சார், அது வாசகர்களுக்குப் புரியாது" என்றார்.