டோக்கனை யார் வாங்குறது?

கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் கார் பார்க்கில சித்தியின் மகன் போனை நீட்டினான். "அண்ணா, இந்த கேம் விளையாடினா காசு வருமாம், உண்மையே?"

உண்மைதான். ஆனா அது யாருடைய காசு?

வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் செய்த ஆக்ஸி இன்ஃபினிட்டியைப் பாருங்கோ. 2021இல விளையாட முதலில் 3 ஆக்ஸிகளை, அதாவது மூன்று டிஜிட்டல் செல்லப்பிராணிகளை, வாங்கவேண்டி இருந்தது. வென்றால் எஸ்எல்பி என்ற டோக்கன் கிடைக்கும். அதை இன்னொருவருக்கு வித்தால்தான் கையில காசு.

அந்த இன்னொருவர் ஏன் வாங்குறார்? இரண்டு ஆக்ஸிகளைச் சேர்த்துக் குட்டி உருவாக்க எஸ்எல்பி செலவாகும். அந்தக் குட்டியைப் புதுசா சேருற ஆளுக்கு வித்துவிடலாம். ஆக, பழைய ஆட்களின் வருமானம் புது ஆட்கள் கொண்டுவாற காசுதான்.

2021 ஜூலையில் ஒரு எஸ்எல்பி ஏறக்குறைய 35 அமெரிக்க சதம். 100 டோக்கன் உழைச்சால் 35 டாலர். பிறகு புது ஆட்கள் குறைஞ்சார்கள். குட்டி வாங்க ஆளில்லை, அதனால டோக்கன் செலவாகவும் வழியில்லை. ஆனா ஒவ்வொரு வெற்றிக்கும் புது டோக்கன் வந்துகொண்டே இருந்தது. 2022 தொடக்கத்தில விலை 1 சதம் அளவுக்கு இறங்கியது. அதே 100 டோக்கனுக்கு அப்ப 1 டாலர். பெப்ரவரியில நிறுவனம் ஒரு பகுதி பரிசுகளை நிறுத்தியும் விலை நிலைக்கவில்லை.

அம்மாவின் சீட்டு இதைவிட நேர்மையானது: 10 பேர், 10 மாதம், போட்ட காசுதான் வெளியே வரும்.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நாளைக்குப் புது ஆள் ஒருத்தரும் சேராட்டி, உன்ர டோக்கனை யார், எதுக்கு வாங்குவினம்?" பதில் தெரியும்வரை காசு போடாதேங்கோ.