சாத்தின யன்னலுக்குள்ளால வாற காத்து

டிசெம்பர் மாதத்தில் எடின்பரோவில் பின்னேரம் 3.40க்கே பொழுது பட்டுவிடும். அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து வீடியோ கோல் வரும். எங்கள் மூன்று பேரையும் தொப்பியும் கம்பளிப் போர்வையுமாகப் பார்த்துவிட்டு, எங்களில் ஒருத்தியின் அம்மா ஒவ்வொரு நாளும் ஒரே கதையைத்தான் சொல்லுவா: "பிள்ளையள், யன்னலை வடிவாச் சாத்திப்போட்டு இருங்கோவன்." நாங்களும் ஒரே பதிலைத்தான் சொல்லுவோம்: "அம்மா, சாத்தித்தான் இருக்குது."

சாத்திய யன்னலுக்குள்ளால் காற்று வருகிறது என்பதை நம்ப எங்களுக்கே ஒரு மாதம் எடுத்தது. குளிர்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஜக்கெற் வாங்கு, கையுறை வாங்கு, மிளகாய்த்தூள் கொண்டுபோ என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். வாடகைக்கு எடுக்கப்போகிற வீட்டின் யன்னலைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்களைக் கேட்டால், இரண்டாவது ஹீற்றர் வாங்குவதற்கு முன்னர் அந்த யன்னலைத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது மார்ச்மொன்ட் பக்கத்தில், விக்டோரியா காலத்துக் கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. பொதுப் படிக்கட்டு, உயர்ந்த கூரை, பெரிய யன்னல்கள். ஒவ்வொரு யன்னலிலும் இரண்டு மரச்சட்டங்கள். ஒன்று மேலேயும் மற்றது கீழேயுமாக ஓடும். கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட பழைய பகுதி என்பதால் வீட்டுக்காரரே யன்னலை நினைத்தபடி மாற்ற ஏலாது. வாடகைக்கு இருக்கிற எங்களுக்குச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி இல்லை.

முதலில் எல்லோரும் செய்கிற பிழையைத்தான் நாங்களும் செய்தோம். மின் ஹீற்றரைக் கூட்டினோம். அறை நடுவில் சூடு, கால் மட்டும் ஐஸ். பிறகு ஒரு நாள் வெளியே நல்ல காற்று அடித்தபோது, சாமிப் படத்துக்குக் கொளுத்திய ஊதுபத்தி ஒன்றை யன்னல் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனோம். கண்ணாடியின் நடுவில் புகை நேராக மேலே போனது. இரண்டு சட்டமும் சந்திக்கிற இடத்தில் புகை அறைக்குள் திரும்பியது. கீழ்ச்சட்டத்தின் அடியில் அது படுத்தேவிட்டது. அன்றைக்குத்தான் விளங்கியது, ஒரே யன்னலில் சூடு இரண்டு வழியால் போகிறது. ஒன்று இடுக்கால் நுழையும் காற்று. மற்றது கண்ணாடிக்கு ஊடாகவே கடந்து போகும் சூடு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இடுக்குக்கு மருந்து, ஒட்டுகிற பட்டி. கடையில் ஸ்பொஞ்ச், றப்பர், 'வி' வடிவப் பிளாஸ்ரிக், பிரஷ் என்று பல வகை இருக்கிறது. நாங்கள் மலிவானது என்று ஸ்பொஞ்சை வாங்கி நாலு பக்கமும் ஒட்டினோம். ஒரு கிழமைக்குள் பக்கவாட்டில் ஒட்டியது எல்லாம் சுருண்டு கையோடு வந்தது. காரணம் லேசானது. சட்டம் வந்து அமருகிற இடத்தில் பட்டி நசுங்குகிறது. அங்கே ஸ்பொஞ்சும் றப்பரும் நிற்கும். சட்டம் உரசி ஓடுகிற பக்கவாட்டில் அது தேய்ந்து கிழியும்; அங்கே 'வி' வடிவப் பட்டியோ பிரஷோதான் வேண்டும்.

அடுத்தது பட்டியின் தடிப்பு. தடித்தால் கொழுக்கி பூட்டாது, மெலிந்தால் காற்று நிற்காது. சிறுபிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையை மெல்லிய பொலித்தீனில் சுற்றி, இடுக்கில் வைத்து யன்னலைச் சாத்தித் திறந்தால் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் இடைவெளி. எங்களுக்கு ஒரு மூலையில் 2 மில்லிமீற்றர், மறு மூலையில் 5. ஒரே பட்டி முழுச் சட்டத்துக்கும் பொருந்தாததில் ஆச்சரியமில்லை. ஒட்ட முன்னர் மரத்தைத் துடைத்து, ஸ்பிரிற்றால் எண்ணெய்ப்பசை எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரமான, குளிர்ந்த மரத்தில் பசை பிடிக்காது. ஆகவே ஒக்ரோபரில், வெயில் விழுகிற நாளாகப் பார்த்து ஒட்டுவது புத்தி.

இனிக் கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடிக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு தெளிந்த படலத்தை வைத்து, நடுவில் அசையாத காற்றை அடைத்து வைப்பதுதான் விஷயம். காசு இருந்தால் அக்ரிலிக் தகட்டைக் காந்தப் பட்டியால் யன்னல் நிலையில் பொருத்தலாம், வேண்டும்போது கழற்றலாம். காசு இல்லாத எங்களுக்குச் சுருங்கும் பிலிம். ஓடுகிற சட்டத்தில் அல்ல, அதைச் சுற்றியிருக்கிற அசையாத நிலையில் இரட்டைப் பக்கப் பசை நாடாவை ஒட்டி, பிலிமை இழுத்துப் பதித்து, தலைமுடி உலர்த்தும் டிரையரை மூலைகளிலிருந்து மெதுவாக ஓட்டினால் சுருக்கமெல்லாம் போய் மேளத்தோல் மாதிரி இறுகும்.

இதனால் எவ்வளவு மிச்சம்? 2008இல் ஹிஸ்ரொறிக் ஸ்கொட்லாந்துக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் இப்படியான பழைய மர யன்னல் ஒன்றை வைத்தே அளந்து பார்த்தார்கள். தடித்த திரைச்சீலை சூடு இழப்பை 14 சதவீதம்தான் குறைத்தது. யன்னலின் உட்புற மரக்கதவுகளைச் சாத்தியபோது பாதி குறைந்தது. இரண்டாவது கண்ணாடி 60 சதவீதத்துக்கும் மேலே குறைத்தது. எங்கள் யன்னல் 2 சதுர மீற்றர். உள்ளே 18 பாகை, வெளியே 4 பாகை என்றால் கண்ணாடியால் மட்டும் ஏறத்தாழ 150 வாற் போய்க்கொண்டிருக்கும். மெல்லிய பிலிம் கண்ணாடி அளவுக்கு வராது என்று பாதியாகவே கணக்கு வைப்போம்: 75 வாற் மிச்சம். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஹீற்றர் ஓடினால் முக்கால் யுனிற். யுனிற் 25 பென்ஸ் என்று பார்த்தால், 10 பவுண் பிலிம் ஒரே யன்னலிலேயே இரண்டு மாதத்துக்குள் தன் காசைத் திருப்பித் தந்துவிடும்.

அந்த மரக்கதவுகளோ எங்கள் வீட்டிலும் இருந்தன! யன்னலின் இரு பக்கமும் சுவரோடு மடிந்து, பெயின்ற் பூசி மூடப்பட்டிருந்ததால் அலங்காரப் பலகை என்றே நினைத்திருந்தோம். வீட்டுக்காரரிடம் கேட்டு, பெயின்ற் ஓரத்தை மெதுவாகக் கீறித் திறந்தோம். இரவில் அவற்றைச் சாத்தச் சதச் செலவு இல்லை.

பிலிமிலும் ஒரு பாடம் படித்தோம். பத்தாம் நாள் காலையில் பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில், ஒரு கீழ் மூலையில் மட்டும் நீர் பூத்திருந்தது. அந்த மூலையில் பெயின்ற் உரிந்திருந்ததால் நாடா பிடிக்கவில்லை. அறைக்குள் இருக்கிற ஈரக்காற்று அதுவழியே புகுந்து குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராகிவிட்டது. நடுவில் நீர் பூத்தால் உள்ளே இருக்கிற படலம் ஒழுகுகிறது என்று அர்த்தம். இன்னொன்று, பிலிம் போட்ட யன்னலின் வெளிச்சட்டத்தைப் பட்டியால் அடைத்து இறுக்கக் கூடாது. உள்பக்கம் இறுக்கமாகவும் வெளிப்பக்கம் கொஞ்சம் மூச்சு விடுவதாகவும் இருந்தால்தான் நடுவில் சேரும் ஈரம் வெளியே போகும். அதனால்தான் எங்கள் ஹோலில் ஒரு யன்னலுக்குப் பிலிம், மற்றதுக்குப் பட்டி. பட்டி போட்டது திறக்கும். திறக்கிற யன்னல் ஒன்று ஒவ்வோர் அறையிலும் இருக்கத்தான் வேணும், காற்றுக்கும் நெருப்புக்கும்.

குசினியையும் குளியலறையையும் நாங்கள் தொடவில்லை. புட்டு அவிக்கிற ஆவியும், உள்ளே காயப்போடும் உடுப்பு விடுகிற ஏறத்தாழ 2 லீற்றர் தண்ணீரும் எங்கேயாவது போகத்தானே வேண்டும். போக வழியில்லையென்றால் அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணமாக வந்து நிற்கும். சமைக்கும்போது காற்றாடியைப் போட்டு, பிறகு பத்து நிமிடம் யன்னலைத் திறந்துவிடுவோம். எரிவாயுக் கருவிக்கு என்று வைத்த காற்றுத் துவாரத்தை மூடுவது உயிராபத்து. அதில் பேரம் இல்லை.

கடைசியாக ஒரு கதை. படுக்கையறை யன்னலில் கண்ணாடி வெடித்திருந்தது, அடிச்சட்டம் உக்கியிருந்தது. வீட்டுக்காரர் "பழைய வீடுகள் இப்படித்தான்" என்றார். எங்களில் ஒருத்தன், "விடுவம், நாங்களே நாடா ஒட்டுவம், அவரோட ஏன் பிரச்சினை" என்றான். எங்களுக்குள் இதில் சண்டையே வந்தது. ஸ்கொட்லாந்தின் 2006ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், வாடகை வீடு காற்றும் மழையும் உள்ளே வராததாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. செய்யாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு, படங்களோடு மின்னஞ்சல் போட்டோம். மூன்றாம் கிழமை தச்சர் வந்தார்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இதுதான். நல்ல நிலையில் இருக்கிற பழைய யன்னலின் இடுக்கையும் ஒற்றைக் கண்ணாடியையும் வாடகைக்கு இருக்கிறவர் தன் காசில் சமாளிக்கலாம், ஏனென்றால் அந்தக் காசு ஒரு குளிர்காலத்திலேயே திரும்பி வருகிறது. உக்கின மரமும் வெடித்த கண்ணாடியும் எங்கள் கணக்கு இல்லை. அதன்மேல் நாடா ஒட்டுவது வீட்டுக்காரரின் வேலையை எங்கள் கையால் மறைத்துக் கொடுப்பதுதான். எதை ஒட்ட முன்னரும் எழுத்தில் கேளுங்கள், படம் எடுத்து வையுங்கள். வசந்தத்தில் கழற்றும்போது அதே டிரையரால் நாடாவைச் சூடாக்கி உரித்தால் பெயின்ற் கூட வராது. வைப்புப் பணமும் தப்பும்.

இப்போது ஊதுபத்தியைக் கொண்டுபோனால் புகை நேராகத்தான் போகிறது. அம்மா மட்டும் இன்னும் "யன்னலைச் சாத்தினனீங்களோ?" என்று கேட்கிறா. சாத்தினது மட்டுமில்லை அம்மா, இப்ப அடைச்சும் இருக்குது.