கையில் 1,80,000 ரூபாய்: மூன்று வருடம் தாங்குமா?

கல்லல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மகள் காரைக்குடியில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். ஓர் அறக்கட்டளை மொத்தமாக 1,80,000 ரூபாய் கொடுத்திருக்கிறது. புதுமைப் பெண் பணமும் மாதம் 1,000 வரும். கல்லூரிக் கட்டணம் ஜூனில் 15,000, டிசம்பரில் 15,000. விடுதிச் சாப்பாடு, பஸ், செல்போன் எல்லாம் சேர்த்து மாதம் 4,000 ஆகிறது. படிப்பு முடியும்வரை இந்தப் பணம் வருமா?”

வீட்டில் போட்ட கணக்கையும் அவர் எழுதியிருக்கிறார். ஆறு தவணைக்கு 90,000. வருடத்துக்குப் பத்து மாதம் விடுதியில் இருந்தால், மூன்று வருடத்தில் 30 மாதத்துக்கு 1,20,000. ஆக மொத்தம் 2,10,000. உதவித்தொகை 1,80,000, புதுமைப் பெண் பணம் 30,000, அதுவும் 2,10,000. சரியாக இருக்கிறதே என்று தோன்றும்.

இதில் ஒரே ஓட்டை, மூன்றாம் வருடமும் மாதம் 4,000 போதும் என்று எண்ணியதுதான். பல விடுதிகளில் மெஸ் பில் ‘டிவைடிங் சிஸ்டம்’. அந்த மாதம் அரிசி, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் என ஆன செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். கேஸ் விலை ஏறினால் அடுத்த பில்லிலேயே தெரியும்.

வருடத்துக்குப் பத்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் வருடம் மாதம் 4,400, மூன்றாம் வருடம் 4,840. ஆனால் புதுமைப் பெண் பணம் ஏறுவதில்லை. 2022 செப்டம்பர் 5-ல் திட்டம் தொடங்கியபோதும் 1,000 ரூபாய்தான். அதனால் உதவித்தொகையிலிருந்து மாதாமாதம் எடுக்க வேண்டியது 3,000, பிறகு 3,400, பிறகு 3,840. செலவு பத்து சதவீதம் ஏறும்போது, கையிருப்பின் மேல் விழும் சுமை பதின்மூன்று சதவீதம் ஏறுகிறது. பலரும் கவனிக்காத இடம் இது.

இனி வரிசையாகக் கழித்துப் பார்க்கலாம். முதல் வருடம் கட்டணம் 30,000, சாப்பாடு முதலிய செலவுக்கு 30,000, மீதி 1,20,000. இரண்டாம் வருடம் 30,000-மும் 34,000-மும் போக மீதி 56,000. மூன்றாம் வருடம் ஜூன் தவணை கட்டியதும் பாஸ்புக்கில் 41,000 நிற்கும். அதை 3,840-ஆல் வகுத்தால் பத்து மாதத்துக்கு மேல் வருகிறது, கவலையில்லை என்று படும். ஆனால் அதில் 15,000 டிசம்பர் தவணைக்குரியது. விதைநெல்லையும் சேர்த்து அளந்துவிட்டு, சாப்பாட்டுக்கு இத்தனை மூட்டை இருக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான் இது. அதை எடுத்து வைத்துவிட்டு மீதி 26,000-ஐ வகுத்தால் ஏழு மாதம்கூட முழுசாக இல்லை. ஜனவரியில் பணம் தட்டும். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் 12,400 ரூபாய் குறையும்.

ஆகவே எந்த மாதம் பார்த்தாலும் முறை ஒன்றுதான். பாஸ்புக்கில் இருப்பதிலிருந்து இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் எல்லாவற்றையும் முதலில் கழிக்க வேண்டும். மீதியை, மாதச் செலவில் 1,000 போக வரும் தொகையால் வகுக்க வேண்டும். வருவதுதான் உண்மையான மாதக் கணக்கு. ஜூனிலும் டிசம்பரிலும் புது மெஸ் பில்லை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தால் போதும்.

குறையும் 12,400-க்கு என்ன வழி? முதல் தவணை கட்டியபின் பாக்கி ஐந்து தவணைக்கான 75,000 சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்க வேண்டியதில்லை. 15,000 வீதம் ஐந்து வைப்புத்தொகையாக, ஒவ்வொன்றும் அந்தந்தத் தவணைக்குச் சற்று முன்னால் முதிர்கிற மாதிரி போடலாம். ஒரே வைப்பாகப் போட்டால் நடுவில் உடைக்க வேண்டி வரும், வட்டி குறையும். ஆறு சதவீதம் வட்டி என்றால் ஆறு மாத வைப்பு 450 ரூபாய் தரும், முப்பது மாத வைப்பு 2,250 தரும். ஐந்திலும் சேர்த்துச் சுமார் 6,750. வட்டி வீதம் வங்கிக்கு வங்கி மாறும். கேட்டுப் போட வேண்டும். இந்த வட்டியைத் தொடாமல் மூன்றாம் வருடத்துக்கு வைத்தால் பாதிக் குறை அடைந்துவிடுகிறது.

மீதி 5,650. அது முதல் மாதத்திலிருந்தே மாதம் 190 ரூபாய் ஒதுக்கினால் வந்துவிடும். கடைசி நான்கு மாதத்தில் தேடினால் மாதம் 1,400-க்கு மேல் வேண்டும்.

தவணையில் அடங்காத தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் இப்போதே கேட்டு, இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. புதுமைப் பெண் பணம் சரிபார்ப்பு முடிந்து மாணவியின் வங்கிக் கணக்கில் ஏறச் சில மாதம் ஆகலாம். அதுவரை முழு 4,000-மும் கையிருப்பிலிருந்துதான் போகும்.