உள்ளே இருப்பவள் குரல் எங்கே?

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செண்பகத்தோப்புக் காட்டழகர் கோயிலுக்கு வருகிறோம். மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்ததும், "பாப்பா, திருப்பாவை சொல்லு" என்று யாராவது ஆரம்பிக்கிறார்கள். குழந்தை கையைக் கட்டிக்கொண்டு கடகடவென்று ஒரு பாசுரத்தை ஒப்பிக்கிறது. ஓர் எழுத்துப் பிசகவில்லை என்று எல்லோரும் கைதட்டுகிறீர்கள். அதோடு சரி. அது பதினைந்தாம் பாசுரமாக இருந்தால், "இதில் எத்தனை பேர் பேசுகிறார்கள்?" என்று அந்தப் பிள்ளையை ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

ஆண்டாள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு நாம் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் இது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ராஜபாளையத்தில் ஏராளம். வீட்டில் தமிழே பேசினாலும் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படித்து, தமிழை ஒரு பாடமாக மட்டும் தொடுகிற பிள்ளைகள் அதைவிட அதிகம். இவர்களுக்குப் பழந்தமிழ் ஏறக்குறையப் புதுமொழிதான். புதுமொழியில் கவிதை படிக்கிறவருக்குப் பொருள் கண் வழியாக வருவதற்கு முன் காது வழியாக வரவேண்டும். அந்தக் கதவை நாமே சாத்திவிடுகிறோம்.

திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஆறிலிருந்து பதினைந்து வரை உள்ளவை தூங்குகிற தோழிகளை எழுப்பும் பாட்டுகள். அவற்றில் பதினைந்தாவது தனி ரகம். வெளியே நிற்கும் பெண்களும் உள்ளே படுத்திருப்பவளும் மாறி மாறிப் பேசுகிற நாடகம் அது. யார் எதைச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் எந்த அடையாளமும் கிடையாது. உரைகாரர்கள்தான் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எட்டு அடிக்குள் ஆறு இடங்களில் ஆள் மாறுகிறது.

முதல் அடி வெளியே நிற்பவர்களுடையது: கிளியே, இன்னுமா தூங்குகிறாய் என்று கேட்கிறார்கள். இரண்டாம் அடியில் உள்ளிருப்பவள் எரிச்சலோடு, கத்தாதீர்கள், வந்துகொண்டே இருக்கிறேன் என்கிறாள். நீ பேச்சில் கெட்டிக்காரி, உன் வாய் எங்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்பது மூன்றாம் அடி. நான்காம் அடியில் அவள், கெட்டிக்காரிகள் நீங்கள்தான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில், சரி, நானாகவே இருக்கட்டும் என்று இறங்கி வருகிறாள். சீக்கிரம் வா, உனக்கு மட்டும் என்ன தனி வேலை என்று ஐந்தாம் அடியில் இவர்கள் விரட்டுகிறார்கள். எல்லோரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்பதும், வந்தாயிற்று, நீயே வந்து எண்ணிக்கொள் என்று இவர்கள் சொல்வதும் ஆறாம் ஒரே அடிக்குள் அடங்கிவிடுகின்றன. அடியின் நடுவில் குரல் மாறாவிட்டால் கேள்வி கேட்டவளே பதிலும் சொல்லிக்கொண்டதாகிவிடும். உங்கள் பிள்ளை அப்படித்தான் சொல்கிறது.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாசுரத்தின் எட்டு அடிகளும் ஒரே எதுகையில் தொடங்குகின்றன. ஒவ்வோர் அடியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து 'ல்'. மனப்பாடத்துக்கு அது நல்ல பிடிமானம். அதனாலேயே பிள்ளை ஒவ்வோர் அடியின் முதல் சொல்லையும் ஓங்கிச் சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்குகிறது. நான்காம் அடியில் ஓங்க வேண்டியவை 'நீங்கள்', 'நான்' என்ற இரண்டு இடங்கள். முதலாவதில் குரல் குத்தலாக ஏறவேண்டும், இரண்டாவதில் தணியவேண்டும். இல்லாத குற்றத்தையும் ஏற்றுக்கொள்கிற அந்தப் பண்பைத்தான் உரைகாரர்கள் கொண்டாடுகிறார்கள். தட்டையாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும்.

அழுத்துவது எப்படி என்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள்ளேயே எந்த அசையை அழுத்துவது என்ற வழக்கம் உண்டு. தமிழில் அப்படியில்லை. எந்தச் சொல்லை உயர்த்துவது என்பதைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. ஆங்கிலப் பாட்டுக்குப் பழகிய பிள்ளை அழுத்துவதற்காக எழுத்தை நீட்டும். நெடிலில் நீட்டினால் பரவாயில்லை. குறிலை நீட்டினால் 'கல்' 'கால்' ஆகிவிடும், 'படு' 'பாடு' ஆகிவிடும். அதனால் சொல்லுக்கு முன்னால் இம்மியளவு நிறுத்தி, குரலைச் சற்று ஏற்றச் சொல்லுங்கள். எழுத்தின் அளவு மாறக்கூடாது.

கடைசி இரண்டு அடிகள்தான் உண்மையான சோதனை. இரண்டுமே 'வல்லானை' என்று தொடங்குகின்றன. ஏழாம் அடியில் அது வல் ஆனை, அதாவது கண்ணன் கொன்ற வலிய யானை. எட்டாம் அடியில் அதே எழுத்துகள் 'வல்லவனை' என்று பொருள்படும். முதலாவதை 'வல்' என்பதற்குப் பின் மிகச் சிறிய இடைவெளி விட்டு, 'ஆனை'யில் குரலை ஏற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவதை ஒரே சொல்லாக உருட்டிச் சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை. எதிரிகளின் செருக்கை அழிக்க என்று ஏழாம் அடி முடிய, வல்லவனை என்று எட்டாம் அடி தொடர்கிறது. அடி முடிந்தது என்று அங்கே மூச்சுவிட்டால் வாக்கியம் இரண்டாக ஒடிந்துவிடும். செண்பகத்தோப்புக் காட்டில் யானை உண்டு என்று தெரிந்து வளர்கிற பிள்ளைகள், பாட்டில் யானை வந்து போனதே தெரியாமல் சொல்லி முடிக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் கோஷ்டியாகச் சேவிக்கும் முறை வேறு. அது பலர் ஒரே குரலாகச் சொல்வதற்கானது, அதில் யாரும் கைவைக்க வேண்டாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்து எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவையும் பொக்கிஷம்தான். ஆனால் பாட்டில் எங்கே நிற்பது என்பதில் தாளத்துக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் கேட்டுக் கற்ற பிள்ளை, படிக்கும்போதும் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். நான் கேட்பது வீட்டில், பொருளுக்காக, பேச்சுக் குரலில் படிப்பதை.

பாசுரத்தைச் சந்தி பிரித்துப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆள் மாறும் இடத்தில் இரட்டைக் கோடு, சிறு நிறுத்தத்துக்கு ஒற்றைக் கோடு, உயர்த்த வேண்டிய சொல்லுக்கு அடிக்கோடு. இவற்றை நீங்கள் போடாதீர்கள். பிள்ளை பென்சிலால் போடட்டும். தப்பாகப் போட்டால், "இதை யார் சொல்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள், அதுவே அழித்துத் திருத்திக்கொள்ளும். பிறகு ஒரு பிள்ளையை அறைக்குள் விட்டுக் கதவை ஒருக்களித்துவிட்டு, இன்னும் இரண்டு பேரை வெளியே நிறுத்துங்கள். உள்ளே இருப்பவள் தூக்கக் குரலில் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் அவசரப்பட வேண்டும். ஏழாம் அடி வரும்போது கதவைத் திறந்து மூவரும் சேர்ந்து சொல்லட்டும்.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, அடுத்து ஒரே பிள்ளையை முழுதும் படிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாசுரம் தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஆள் மாறும்போதெல்லாம் விரலை மடக்கட்டும். ஆறு விரல் மடங்கினால் பொருள் காதில் விழுந்திருக்கிறது. நான்கோடு நின்றால், ஆறாம் அடியின் நடுவில் குரல் மாறவில்லையா என்று முதலில் பாருங்கள்.

மார்கழியில் ஒப்பித்தல் போட்டி நடத்துகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். 30 பாசுரத்தையும் யார் வேகமாகச் சொல்கிறார்கள் என்று கடிகாரம் பார்ப்பதை இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பாசுரத்தைப் பொருள் தெரியப் படித்த பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள்.